அம்மாவுக்கு மேஷம், மகளுக்குக் கன்னி: வாசகர் கேள்விகளுக்குச் சோதிடர் பதில்

நான் அசுவினி, மேஷ ராசி, மிதுன லக்னம். பத்து வயது மகள் அஸ்தம், கன்னி ராசி. சஷ்டாஷ்டகம் என்பதால் ஒத்தே போகாது என்கிறார்கள். தினமும் காலையில் சண்டைதான். ஆனால் ராத்திரி ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்கிறோம்.

உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மேஷத்திலிருந்து எண்ணினால் கன்னி ஆறாவது, கன்னியிலிருந்து மேஷம் எட்டாவது. இதைத்தான் சஷ்டாஷ்டகம் என்கிறார்கள். கல்யாணப் பொருத்தத்துக்குச் சொன்ன விதியை அம்மா, மகளுக்கு அப்படியே போடக்கூடாது. எண்ணிக்கையோடு நிற்காமல் ராசிநாதர்களைப் பாருங்கள்.

உங்கள் நாதன் செவ்வாய்க்குப் புதன் பகை. ஆனால் மகளின் நாதன் புதனுக்குச் செவ்வாய் சமம்தான். அதாவது உரசல் உங்கள் பக்கம்தான் அதிகம் உறைக்கும். நீங்கள் கத்திவிட்டு மத்தியானம் வரை வருந்திக்கொண்டிருப்பீர்கள். அவள் பள்ளிக்கூட வாசலிலேயே மறந்திருப்பாள். மேஷம் சர ராசி, நினைத்ததும் கிளம்பும். கன்னி உபய ராசி, பையை மூடிவிட்டு ஒருமுறை திறந்து பார்க்கும். ஏழரை மணிக்கு இரண்டும் மோதாமல் என்ன செய்யும்?

ராத்திரிப் பேச்சுக்குக் காரணம் உங்கள் லக்னம். மிதுனத்துக்கும் கன்னிக்கும் நாதன் ஒருவனே, புதன். அதனால் மறுநாள் வேலையை அந்த நேரத்தில் அவளோடு பேசி முடியுங்கள், பையையும் அப்போதே அடுக்கட்டும். அவளிடமிருந்து சரிபார்க்கும் பழக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தப்பாகிவிடுமோ என்று தயங்காமல் தொடங்குவதை அவள் உங்களிடம் கற்கலாம்.

விருச்சிக ராசி அப்பாவுக்கு மேஷ ராசிப் பிள்ளை. இதுவும் சஷ்டாஷ்டகமா?

கணக்குப்படி ஆமாம். ஆனால் இரண்டுக்கும் செவ்வாயே நாதன் என்பதால் தோஷமில்லை. கோபம் இருவருக்கும் உண்டு. பிள்ளை உடனே கொட்டிவிடுவான், அப்பா உள்ளே வைத்திருப்பார்.

எனக்கும் மகனுக்கும் ரோகிணி. ஒரே நட்சத்திரம் ஆகாது என்று பாட்டி பயப்படுகிறார்.

பாட்டியின் பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரே ராசி என்றால் ஏழரைச் சனி இருவருக்கும் ஒன்றாக வரும். ஆனால் தசை அப்படியில்லை. பிறக்கும்போது சந்திர தசையில் உங்களுக்கு 4 வருடம் இருப்பு, அவனுக்கு 6 வருடம் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் 7, ராகு 18, குரு 16 என்று கூட்டினால், 42 வயதில் உங்களுக்குக் குரு தசை, 14 வயதில் அவனுக்கு ராகு தசை நடக்கும். சுபாவம் ஒன்றுதான், இருவருக்கும் பிடிவாதம். ஆனால் நீங்கள் அடங்கியிருக்கும் காலத்தில் அவன் எதையும் மீறிப் பார்ப்பான். 'நானும் இந்த வயதில்' என்று தொடங்காதீர்கள். இந்தக் கணக்கில் உங்களுக்கும் 14 வயதில் ராகு தசைதான்!

மகளின் பிறந்த நேரம் சரியாகத் தெரியவில்லை. பார்க்க முடியுமா?

ராசியை மட்டும் பார்க்கலாம். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கும். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மாறிவிடும், அதை விட்டுவிடுங்கள்.