பொங்கல் லீவும் முந்திக் கேட்டவருக்கே என்கிற வழக்கமும்

கேள்வி: என் டீமில் பாதிக்கு மேல் பொங்கல் வாரம் முழுக்க லீவு கேட்கிறார்கள். எப்படி நியாயமாக முடிவு செய்வது?

முந்திக் கேட்டவருக்கு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போனவர் எழுந்து பார்ப்பதற்குள் பகல் ஷிஃப்ட்காரர்கள் அப்ளை செய்து முடித்திருப்பார்கள், வருஷா வருஷம் அதே ஆட்கள்தான் ஊருக்குப் போவார்கள்.

நான் சென்னையில் 24 மணி நேர சப்போர்ட் டீம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். 12 பேர், எந்த நாளும் 5 பேர் இருந்தே ஆக வேண்டும். 2026 பொங்கலுக்கு 10 பேர் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கேட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் 3 பேருக்கு லீவே கிடையாது. அதனால் எந்த நாளை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டேன். சென்னையிலேயே வீடு இருக்கிற நாலு பேருக்குப் போகி பெரிதாகப் படவில்லை, மூன்று பேர் புதன்கிழமை வந்தார்கள். மறுநாள் காலை வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு இருவர் இரவு ஷிஃப்ட் எடுத்தார்கள், மற்ற இருவர் மாட்டுப் பொங்கலன்று வந்தார்கள். வியாழன், வெள்ளிக்கு இன்னும் ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. போன தீபாவளி, போன பொங்கல் இரண்டுக்கும் ஊருக்குப் போனவர் யார் என்று பதிவேட்டில் பார்த்து அவரை இருக்கச் சொன்னேன், அடுத்த தீபாவளிக்கு அவருக்குத்தான் முதல் உரிமை. இருவர் சமமாக இருந்திருந்தால் எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கியிருப்பேன்.

கல்யாணமானவர்களுக்கு முன்னுரிமை கொடு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பேச்சுலருக்கும் ஊரில் அம்மா அப்பா காத்திருக்கிறார்கள், அதனால் அந்த முன்னுரிமையை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அப்புறம், லீவு கேட்காதவர்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் டீமில் அப்படி இருந்த இருவரில் ஒருவர் முஸ்லிம். ரம்ஜானுக்கு அவருக்கு முதல் உரிமை, அதுவும் பிறையைப் பொறுத்து நாள் மாறும் என்பதால் அடுத்தடுத்த இரண்டு நாளையும் அப்ரூவ் செய்து வைத்து, தேவைப்படாததைப் பிறகு கேன்சல் செய்ய வேண்டும்.

முடிவை எப்போது சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜனவரி 13 ரயிலுக்கு நவம்பர் 14 காலை 8 மணி. அதற்குள் பட்டியல் வந்தாக வேண்டும். டிசம்பரில் அப்ரூவ் செய்தால் அந்தப் பையன் ஆம்னி பஸ்ஸுக்குக் கொட்டி அழ வேண்டியதுதான்.

இன்னொன்று, கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. அறிவித்த பண்டிகை விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை கொடுக்க வேண்டும். நான் முன்பு இருந்த கம்பெனியில் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் எச்ஆரிடம் இதை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் ஆட்களை வரச் சொல்லுங்கள்.