ஸ்காபரோவில் நம்பர் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது

"கனடா வந்து ரெண்டு மாசம். கடையில காசு கட்டேக்க போன் நம்பர் கேக்கினம். கோயில்ல புதுசாச் சந்திக்கிற ஆக்களும் கேக்கினம். முகம் முறியாமல் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

பெரிய கடைகளில் முகம் முறிவதற்கு ஒன்றுமே இல்லை. காசாளர் கேட்பது முதலாளி கேட்கச் சொன்னதால்தான். "நோ தேங்க்ஸ்" என்றால் அவர் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார். நம்மவர்கள் செய்கிற பிழை, அதோடு ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்வது. "புது நம்பர், இன்னும் பாடமில்லை" என்றால், "அப்ப ஈமெயில்?" என்று அடுத்த கேள்வி வரும். காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். திரும்பவும் கேட்டால், "இஸ் இட் ரிக்வயர்ட்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பொருளை விற்பதற்குத் தேவைப்படாத தகவலைத் தந்தால்தான் விற்பேன் என்று ஒரு கடை நிபந்தனை போடுவதைக் கனடாவின் தனியுரிமைச் சட்டம் ஏற்பதில்லை. கவுண்டரில் நின்று சட்டம் பேசத் தேவையில்லை, தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பொருளைத் திருப்பிக் கொடுக்க நம்பர் வேண்டும் என்று பயப்படாதீர்கள். கடதாசி ரசீதை வைத்திருங்கள். புள்ளிகள் வேண்டுமென்றால் நோ ஃப்ரில்ஸில் பிசி ஆப்டிமம், ஃப்ரெஷ்கோவில் சீன் பிளஸ் அட்டையை ஸ்கேன் செய்யலாம், வாயால் நம்பர் சொல்ல வேண்டியதில்லை. போன் திருத்தக் கொடுத்தாலோ, கட்டில் வீட்டுக்கு வர வேண்டியிருந்தாலோ நம்பர் உண்மையிலேயே தேவை. அப்போது கொடுத்துவிட்டு, "இந்த வேலைக்கு மட்டும், விளம்பரம் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லுங்கள். வாயில் வந்த பொய் நம்பரைக் கொடுக்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய நம்பராக இருக்கும், தொல்லை அவருக்குப் போகும்.

சிக்கல் தமிழ் ஆட்களிடம்தான். கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருப்பவர் ஊர், வேலை, எப்போது வந்தீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "நம்பரைச் சொல்லுங்கோ தம்பி" என்பார். பாசமாகவும் இருக்கலாம், காப்புறுதியோ வீடு விற்பனையோ பின்னால் இருக்கலாம். உடனே தெரியாது. "போன் சார்ஜ் இல்லை" என்று சொன்னால், "அப்ப சொல்லுங்கோ, நான் பதிஞ்சு மிஸ்ட் கோல் தாறன்" என்பார். மாட்டிக்கொள்வீர்கள்.

கேட்பவரின் நம்பரை நீங்கள் வாங்கிக்கொள்வதுதான் நன்றாக வேலை செய்கிற வழி:

"குறை நினையாதேங்கோ அண்ணை, நான் நம்பர் குடுக்கிறது குறைவு. உங்கட நம்பரைத் தாங்கோ, நான் எடுக்கிறன்."

"ஏன் தம்பி, நான் என்ன கள்ளனே?"

"சீச்சீ, அப்பிடியில்லை அண்ணை. ஆரெண்டாலும் இதுதான் என்ர பழக்கம். உங்களிட்ட காட் இருந்தாத் தாங்கோ."

விற்பனைக்காரர் என்றால் காட் உடனே சட்டைப்பையில் இருந்து வரும். ஆள் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும். காட் இல்லாதவரின் நம்பரை உங்கள் போனில் நீங்களே பதியுங்கள். "இப்ப ஒருக்கா அடியுங்கோ" என்றால், "பிறகு எடுக்கிறன்" என்று போனைப் பைக்குள் வையுங்கள், ஏனென்றால் ஒருமுறை அடித்தால் உங்கள் நம்பர் அங்கே விழுந்துவிடும். பிறகு எடுக்கும்போது முன்னால் *67 போட்டு அடித்தால் சாதாரண அழைப்பில் நம்பர் மறையும். வாட்ஸ்அப்பில் மறையாது. "ஆரெண்டாலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அதுதான் அவரைத் தனியாக ஒதுக்கவில்லை என்று காட்டுகிறது. ஆனால் அதே பந்தியில் இன்னொருவருக்கு நம்பர் கொடுத்தீர்களோ, கதை முடிந்தது.

தமிழ்ப் பலசரக்குக் கடை அண்ணை கேட்டால், பெரும்பாலும் மலிவு விலை விபரம் அனுப்பத்தான். "நான் கிழமைக்கு ரெண்டு தரம் வாறனான் அண்ணை, வரேக்க பாக்கிறன்" என்றால் அவருக்கும் சந்தோஷம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Groups போய் My contacts என்று மாற்றுங்கள். அவரை உங்கள் போனில் பதியாத வரைக்கும் குழுக்களில் இழுத்துப் போட அவரால் முடியாது. அதே Privacy பக்கத்தில் Profile photo-வை யார் பார்க்கலாம் என்பதையும் மாற்றலாம். விற்பனை அழைப்புகளைக் குறைக்க, "அழைக்க வேண்டாம்" என்ற கனடாவின் தேசியப் பட்டியலில் lnnte-dncl.gc.ca வழியாக நம்பரை இலவசமாகப் பதியலாம். முழுப் பலன் தெரிய ஒரு மாதம் ஆகும். ஆனால் நீங்கள் பொருள் வாங்கிய கடை, வாங்கி 18 மாதம் வரைக்கும் அந்தப் பட்டியலை மீறி அழைக்கலாம். அவர்களிடம் "டேக் மீ ஆஃப் யுவர் லிஸ்ட்" என்று நேரே சொல்ல வேண்டும்.