மூன்றும் அனாதி என்றால் சிவனுக்கு என்ன வேலை?

"கோத்தகிரியில் வாராவாரம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். இறைவனான பதி, உயிரான பசு, உயிரைக் கட்டும் மலமான பாசம் மூன்றும் அனாதி, யாரும் படைக்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் சிவனுக்கு என்ன வேலை? உயிரில் அழுக்கு எப்போது ஒட்டியது?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது தெளிந்தால் மற்றது தானே அவிழும்.

உயிர் ஒரு காலத்தில் தூய்மையாக இருந்தது, நடுவில் ஆணவ மலம் என்ற அந்த அழுக்கு வந்து பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் பற்றியது? வினையால் என்றால், தூய உயிருக்கு வினை ஏது? சிவனே பூட்டினான் என்றால் அவனை அருளாளன் என்று சொல்ல முடியாது. காரணமில்லாமல் பற்றியது என்றால் முத்தி பெற்ற உயிரையும் நாளை அப்படியே பற்றும், வீடுபேறே நிலைக்காது. மூன்று வழியும் அடைபடுகிறது. அதனால்தான் உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே ஆணவமும் உண்டு என்றார்கள். திருமந்திரமும் "பதியினைப் போல்பசு பாசம் அனாதி" என்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூடவே இருப்பதால் ஆணவம் உயிரின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. குணமாக இருந்தால் உயிர் உள்ளவரை நீங்காது. அது உயிரின் அறிவை மறைத்துக்கொண்டு நிற்கும் வேறு பொருள்.

இனி சிவனின் வேலை. மழைக்கால இரவில் உங்கள் ஊரில் கரண்ட் போய்விடுகிறது. கண்ணுக்குப் பார்க்கும் திறன் இருக்கிறது, ஆனாலும் எதிரே இருக்கும் தேயிலைச் செடி தெரியவில்லை. கண்தான் உயிர், இருட்டுதான் ஆணவம். உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்: இருட்டு பிற பொருளைக் காட்டாது, ஆனால் 'நான் இருக்கிறேன்' என்று தன்னையாவது காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது. அறியாமையில் இருப்பதே உயிருக்குத் தெரியாது. அதனால் உயிர் தானாக எழுந்து வெளியே வர வழியில்லை.

அங்கேதான் சிவன் வேண்டும். உலகுக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து உடம்பு, கருவிகள், உலகம், அனுபவிக்கும் பொருள்கள் நான்கையும் அவரவர் வினைக்குத் தக்கபடி ஆக்கித் தருகிறான். விடியும்வரை கைவிளக்கு மாதிரி அது. நாலடி தூரம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் உயிர் நடக்கத் தொடங்கிவிடும். மாயையை எதிரி என்று படிப்பவர்கள் இந்த உதவியைத் தவறவிடுகிறார்கள். பல பிறவிகளில் வினையை அனுபவித்து மலம் பக்குவப்பட்டதும் சிவனருள் பதிகிறது. அதுதான் விடியல்.

அனாதி என்பதால் மூன்றும் சமம் ஆகிவிடாது. மலத்துக்கு அறிவு இல்லை. உயிரோ சிவன் அறிவித்தால்தான் அறியும். சிவன் தானே அறிவான்.

இன்னொன்று. வகுப்பு நோட்டில் 'முத்தியில் மலம் அழிகிறது' என்று எழுதியிருந்தால், 'மலத்தின் சக்தி அடங்குகிறது' என்று திருத்திக்கொள்ளுங்கள். அனாதிப் பொருளுக்கு அழிவு கிடையாது. முத்தியிலும் உயிர் சிவமாகிவிடுவதில்லை; சிவனோடு பிரிவின்றி நின்று அவன் இன்பத்தை அனுபவிக்கிறது.