பாதியில் எழுந்து போனவள்

கேள்வி: என் தங்கையின் நான்கு வயது மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்காக நிறையப் படித்தேன். சுயவிருப்பம், ஆன்மா பக்குவப்படுதல் என்று இறையியலாளர்கள் சொல்கிற காரணங்களைப் பதினான்கு பக்கம் எழுதி ஒரு நாள் மாலை வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்ப் பையனுடைய சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நல்ல கடவுள் இருக்கும்போது துன்பம் ஏன்? இருக்கிற பதில்களில் எது வலுவானது?

பதில்: எட்டு மாதமாகியும் அந்தச் சட்டைகள் அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றை எடுத்து, கை மடித்து, கழுத்தை நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாள். உங்கள் வாசிப்புக்கு வந்த இடைஞ்சலாக அதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கத்தை வாசிக்கும்போது எழுந்து போனாள்? கடிதத்தில் சொல்லவில்லை. ஆன்மா பக்குவப்படுகிற பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இறையியல் சொல்லிக்கொடுத்த வருடங்களில், துக்க வீடுகளில் அந்த இடத்தில் முகம் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த வாதத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான் ஹிக் என்ற இறையியலாளர் 1966-இல் விரிவாக எழுதியது அது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரேனியுஸ் என்ற ஆயரிடமிருந்து அதன் விதையை எடுத்தார். கடவுள் மனிதனை முழுமையாகச் செய்து முடிக்கவில்லை, அவன் வளர்ந்து முழுமையாக வேண்டும். வலியே இல்லாத உலகத்தில் தைரியத்துக்கும் இரக்கத்துக்கும் இடமில்லை, யாரும் வளரவும் மாட்டார்கள் என்பது அதன் சாரம். வேலை போனவனிடமோ பரீட்சையில் தோற்றவனிடமோ இதைச் சொன்னால் ஓரளவு பொருந்தும். இப்போது அந்தப் பையனை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பக்குவப்பட்டது யார்? பக்குவப்பட அவனுக்கு ஆயுள் இருந்ததா? அம்மா பக்குவப்பட்டாள் என்றால், அவள் வளர்வதற்காக அவன் செலவாக்கப்பட்டான் என்றல்லவா ஆகிறது? உங்கள் தங்கை தத்துவம் படித்தாளோ இல்லையோ, காதில் விழுந்தது அதுதான். எந்த அம்மாவும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஹிக்குக்கே இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் ஆன்மாவின் வளர்ச்சி சாவுக்கு அப்பாலும் தொடர்கிறது என்று சேர்த்துச் சொன்னார். அப்படிச் சேர்த்த பிறகும் அளவுக்கு மீறிய துன்பத்தை மர்மம் என்றே விட்டுவைத்தார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள். உங்கள் பதினான்கு பக்கத்தில் அந்த இரண்டாம் பாதி இருந்ததா என்று எடுத்துப் பாருங்கள்.

மனிதனுக்குச் சுதந்திரம் இருப்பதால்தான் தீமை வருகிறது என்கிற சுயவிருப்ப வாதத்தில் வேறு விதமாகச் சறுக்கியிருக்கிறீர்கள். அதன் இன்றைய வடிவம் பிறந்ததே ஒரு குற்றச்சாட்டுக்குப் பதிலாகத்தான். கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து நம்புவது தர்க்கப்படி முரண் என்று ஜே. எல். மெக்கி என்ற நாத்திகத் தத்துவவாதி 1955-இல் எழுதினார். ஆல்வின் பிளான்டிங்கா என்ற கிறிஸ்தவத் தத்துவவாதி 1974-இல் அதற்குக் கொடுத்த பதில் மிகக் கவனமானது. சுதந்திரம் கொடுத்துவிட்டு யாரும் ஒருபோதும் தவறே செய்யாதபடி பார்த்துக்கொள்வது கடவுளுக்கே முடியாத காரியமாக இருக்கலாம் என்றார். 'இருக்கலாம்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முரண் இல்லை என்று காட்ட ஒரு சாத்தியம் போதும். உண்மைக் காரணம் தனக்குத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. இப்படிச் செய்வதைத் தற்காப்பு என்பார்கள். "கடவுள் இதற்காகத்தான் அனுமதித்தார்" என்று காரணம் கூறுவது வேறு வேலை.

நோய் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்தப் புற்றுநோய் யாருடைய சுயவிருப்பத்தால் வந்தது? பிளான்டிங்காவும் இதைக் கவனித்தார். இயற்கைத் தீமைகளுக்குப் பின்னால் மனிதரல்லாத சுதந்திர ஆவிகள் இருக்கக்கூடும் என்று ஒரு சாத்தியத்தை மட்டும் வைத்தார். மெக்கிக்குப் பதில் சொல்ல அது போதும். பிள்ளையை இழந்தவளிடம் அதைக் காரணமாக வாசித்துக் காட்டியது தப்பு, தம்பி. மழுப்ப விரும்பவில்லை.

எது வலுவானது என்று கேட்டீர்கள். தர்க்கப்படி முரணா என்ற கேள்விக்கு பிளான்டிங்கா போதும். நாத்திகத் தத்துவவாதிகளில் பலரே அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சாவு ஏன் என்ற கேள்விக்கு இதுவரை வந்த எந்தக் காரணமும் என்னிடம் நிற்கவில்லை. ஆனால் காரணம் சொல்ல வருகிறவர்கள் தாண்டவேண்டிய கோட்டை ஒருவர் சரியாகக் கிழித்தார் என்று நம்புகிறேன். மெரிலின் மெக்கார்ட் ஆடம்ஸ், தத்துவப் பேராசிரியர், ஆங்கிலிக்கன் மரபுக் குரு. ஒருவருடைய வாழ்க்கையையே அர்த்தமற்றதாக்கக்கூடிய கொடுமைகளைத் தனியாகப் பிரித்து 1999-இல் ஒரு நூல் எழுதினார். உலகம் மொத்தத்தில் நன்றாக இருக்கிறது என்பது அங்கே பதிலாகாது, கடவுள் அந்த ஒரு ஆளுக்கு நல்லவராக இருக்க வேண்டும், அந்தக் கொடுமை அந்த ஆளின் வாழ்க்கைக்குள்ளேயே தோற்கடிக்கப்பட வேண்டும் என்றார். அதாவது கணக்கு அந்தப் பையன் பெயரிலேயே தீர வேண்டும், அம்மா பெயரில் இல்லை. அது எப்படித் தீரும் என்பதற்கு அவர் மறுமையைத்தான் நம்பினார். நானும் அதை நம்புகிறவள். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

சரி, உங்கள் தங்கை கேட்டதற்கு வருவோம். துன்பம் ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றுதான் கேட்டாள். அதற்கு பைபிளிலேயே பதில் இருக்கிறது. யோபு என்ற நல்ல மனிதனின் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் இறந்த பிறகு, மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்தார்கள். பில்தாத் என்பவன் யோபு நூலின் எட்டாம் அதிகாரத்தில் அந்தத் தகப்பன் முகத்தைப் பார்த்தே, உன் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் கடவுள் அதன் பலனுக்கு அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டார் என்கிறான். கடவுளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தான். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் இவர்கள்மேல்தான் திரும்புகிறது. கடவுளையே கேள்வி கேட்டுக் கதறிய யோபுதான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்திலும், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு.

எட்டு மாதமாக அவளுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். "நீ ஒரு தப்பும் செய்யவில்லை." பதினான்கு பக்கத்தில் அது ஓரிடத்திலாவது இருந்ததா? கூடப் பிறந்தவன் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, கடவுளுக்கு வக்கீலாகப் போயிருக்கிறீர்கள். கடவுளுக்கு வக்கீல்கள் நிறைய. அவளுக்கு எத்தனை அண்ணன்கள்?

இந்த வாரமே போங்கள். நோட்டை எடுத்துப் போகாதீர்கள். அன்று வாசித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். கடவுளைத் திட்டினால் திட்டட்டும், திருத்த வேண்டாம். சட்டைகளை எடுத்தாள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்றை மடியுங்கள். எதை எப்போது போட்டான் என்று அவளே சொல்லுவாள்.