சீட்டை நகர்த்தினால் அணையும் ஏர்பேக் விளக்கு

"வியாசர்பாடியில் மழைத்தண்ணீர் காருக்குள் வந்ததிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிகிறது, சீட்டை முன்னே தள்ளினால் அணைகிறது. அப்படியே ஓட்டலாமா?"

வேண்டாம். சீட்டு அசைந்தால் மாறுகிறது என்றால் சந்தேகம் முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் மேல்தான், தண்ணீரில் பின்கள் பச்சை பூத்திருக்கும். விளக்கு எரியும்போது பல கார்களில் ஏர்பேக் அமைப்பே தன்னை நிறுத்திக்கொள்ளும், அப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியில் மோதினால் பை விரியாமலே போகலாம். அணைந்துவிட்டதே என்றும் விடாதீர்கள், பிழைக் குறியீடு உள்ளே பதிவாகி இருக்கும்.

நீங்களே கையை விடாதீர்கள். மெக்கானிக்கும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் கனெக்டரைத் தொட வேண்டும், அதில் மல்டிமீட்டர் வைத்தால் அந்தச் சின்ன மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். அப்புறம், மலிவான என்ஜின் ஸ்கேனர் பெரும்பாலும் ஏர்பேக் பிழைக் குறியீட்டைப் படிக்காது, கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.