போன வாரத்து வாட்ஸ்அப் பேக்கப்பை ஏன் திரும்ப எடுக்க முடியாது?

கேள்வி: "ஒரு சாட்டைத் தவறுதலாக அழித்துவிட்டேன். தினமும் கூகுள் டிரைவில் பேக்கப் போகிறது. அதில் போன வாரத்து பேக்கப்பை மட்டும் எடுத்துப் போட வழியில்லையா? ஏன் கடைசியாக எடுத்தது மட்டும்தான் இருக்கிறது?"

டிரைவிலிருந்து வழியில்லை. போனிலிருந்து எடுக்க ஒரு வழி இருக்கலாம், அதுவும் ஏழு நாளைக்குள். உங்கள் போனில் இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். முக்கியமாக, பதற்றத்தில் BACK UP பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். உடைந்த டிஸ்ப்ளேவுக்கு அடுத்து எங்கள் கவுண்டருக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடு வருகிறார்கள்: தினமும் பேக்கப் போகிறது, அப்படியென்றால் முப்பது நாளில் முப்பது பேக்கப் டிரைவில் அடுக்கி இருக்க வேண்டும். அது அப்படி அடுக்குவதில்லை. வாசலில் நேற்றுப் போட்ட கோலத்தின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தானே இன்றைய கோலம்? அதே கதைதான். ஒரு கூகுள் கணக்கில் புது பேக்கப் ஏறியதும் பழையதன் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது.

"டிரைவில் ஒரு ஃபைலை மாற்றினால் பழைய வெர்ஷன் 30 நாள் இருக்குமே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நாமே ஏற்றும் ஃபைலுக்கு அது சரி. வாட்ஸ்அப் பேக்கப் அந்த வரிசையில் வராது. அது செயலிக்கென்று ஒதுக்கிய மறைவான இடத்தில் இருக்கிறது. டிரைவின் Backups பட்டியலில் பேரும் தேதியும் தெரியும், வேண்டுமானால் அழிக்கலாம். திறந்து பார்க்கவோ, டவுன்லோடு செய்யவோ, முந்தைய வெர்ஷனைக் கேட்கவோ அங்கே இடமில்லை.

ஏன் இப்படி என்பதற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். உங்கள் எல்லா சாட்டும், குடும்ப குரூப்பிலிருந்து கேஸ் ஏஜென்சி மெசேஜ் வரை, ஒரே டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. ஆளுக்கொரு ஃபைல் கிடையாது. அதனால்தான் "அந்த ஒரு சாட்டை மட்டும்" திரும்ப எடுக்க முடிவதில்லை. எடுத்தால் மொத்தமும் அந்தத் தேதிக்குப் போகும். படமும் வீடியோவும் தனித்தனி ஃபைலாக டிரைவில் ஏறுகின்றன. பத்து நாள் பழைய நிலை ஒவ்வொன்றையும் வைத்திருக்க வேண்டுமென்றால், இடையில் நீங்கள் அழித்த ஒவ்வொரு வீடியோவையும் டிரைவ் பிடித்து வைத்திருக்க வேண்டும். 2024 தொடக்கத்திலிருந்து ஆண்ட்ராய்டு பேக்கப்பும் உங்கள் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூடவே இன்னொன்று: அழித்த மெசேஜ் பத்துப் பழைய பிரதிகளில் உயிரோடு இருந்தால், அழித்ததற்கு என்ன அர்த்தம்? என்னைக் கேட்டால் இது குறை இல்லை. போன் தொலைந்தாலோ மாற்றினாலோ கடைசி நிலையை அப்படியே கொண்டுவந்து வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. கை தவறி அழித்ததை மீட்பதற்காகச் செய்ததே இல்லை. பேக்கப் என்ற பேர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

சரி, போனில் இருக்கும் வழிக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் விடிகாலை 2 மணி வாக்கில் வாட்ஸ்அப் போனுக்குள்ளேயும் ஒரு பிரதி எடுக்கிறது. இங்கே மட்டும் அது பழையதை உடனே தூக்கிப் போடுவதில்லை. சுமார் ஏழு நாள் பிரதிகளை வைத்திருக்கும். போன வருடம் ஜூனில் நடந்த ஒரு கேஸைச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

மேற்கு மாம்பலத்தில் கேட்டரிங் செய்யும் ஒரு அக்கா. ஒரு கல்யாணப் பார்ட்டியோடு ஒரு மாதமாகப் பேசிய சாட்: எத்தனை இலை, காலை டிபன் என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் அதில். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று போன் கத்தியிருக்கிறது. படங்கள் மட்டும் போகும் என்று நினைத்து Clear chat கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு என் முன்னால் நிற்கிறார். "டிரைவ்ல இருக்கும்ல தம்பி?"

ஞாயிறு விடிகாலையும் திங்கள் விடிகாலையும் பேக்கப் போயாகிவிட்டது. அதாவது சாட் காலியான நிலைதான் இரண்டு தடவை டிரைவில் ஏறியிருக்கிறது. Settings → Chats → Chat backup போனால் கடைசி பேக்கப் எடுத்த நேரம் தெரியும். அழித்த நேரத்துக்கு முந்தைய நேரம் அங்கே இருந்திருந்தால் டிரைவ் பிரதியே போதும், வேலை சுலபம். வாரம் ஒரு தடவை பேக்கப் வைத்திருப்பவர்கள் சில சமயம் இப்படித் தப்பிப்பதுண்டு. அக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எனவே போனை கம்ப்யூட்டரில் செருகி இந்த ஃபோல்டரைத் திறந்தேன்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

உள்ளே இருந்தவற்றில் நமக்கு வேண்டியவை:

```
msgstore.db.crypt14
msgstore-2025-06-15.1.db.crypt14
msgstore-2025-06-14.1.db.crypt14
```

தேதி இல்லாதது கடைசிப் பிரதி, அதாவது திங்கள் விடிகாலை எடுத்தது. 15 ஞாயிறு. 14 சனிக்கிழமை விடிகாலை, அழிப்பதற்குப் பதினேழு மணி நேரம் முந்தைய நிலை. நமக்கு வேண்டியது அதுதான்.

முதலில் மொத்த ஃபோல்டரையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தேன். இதைச் செய்யாமல் அடுத்த அடி வைக்கவே கூடாது. வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது சில போன்களில் இந்த ஃபோல்டரும் சேர்ந்தே போய்விடும். காப்பி ஆன பிறகுதான் BACK UP அழுத்தினேன். மேலே வேண்டாம் என்று சொன்னதை நானே செய்ததற்குக் காரணம், டிரைவில் இழக்க இனி எதுவும் இல்லை, ஆனால் சனிக்கிழமைக்கு அப்புறம் மற்றவர்களிடமிருந்து வந்த ஆர்டர்கள் இருக்கின்றன. அந்தத் திங்கட்கிழமை நிலைக்குத் திரும்பி வர ஒரு பிரதி வேண்டும். அந்தப் புது msgstore ஃபைலையும் தனியாகக் காப்பி செய்து வைத்தேன்.

அப்புறம் வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்து, அதைத் திறக்காமலேயே போனின் செட்டிங்ஸில் கூகுள் கணக்கைத் தற்காலிகமாக எடுத்தேன். கணக்கை முதலிலேயே எடுத்துவிட்டால் ப்ளே ஸ்டோரிலிருந்து இன்ஸ்டால் செய்ய முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். கணக்கு இருந்தால், வாட்ஸ்அப்பைத் திறந்ததும் அது டிரைவ் பிரதியைத்தான் முதலில் நீட்டும். பழையது வந்துவிட்டது என்று நினைத்து Restore கொடுத்தால் அதே காலி சாட் வந்து நிற்கும். கணக்கை எடுத்துவிட்டால் இன்னொரு லாபம், நாம் போடும் பழைய நிலை டிரைவில் ஏறி நல்ல பிரதியை அடிக்காது.

 வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்னால் Databases ஃபோல்டரைத் திரும்ப வைத்து, அதில் இருந்த தேதியில்லாத ஃபைலை அப்புறப்படுத்தி, சனிக்கிழமை ஃபைலுக்கு அந்தப் பேரைக் கொடுத்தேன்:

```
msgstore-2025-06-14.1.db.crypt14  →  msgstore.db.crypt14
```

தேதியும் அதையடுத்த .1 என்பதும் மட்டும் போகவேண்டும். கடைசியில் இருக்கும் எண் 14 என்றால் 14, 15 என்றால் 15, அதை மாற்றினால் திறக்காது. பழைய அதே மொபைல் நம்பரில் ஓடிபி போட்டு உள்ளே போனால் பேக்கப் இருப்பதாகக் காட்டும். அங்கே தெரியும் தேதியைப் படித்துவிட்டு Restore கொடுங்கள். பேக்கப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் அதையும் கேட்கும். அதை மறந்தவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கும் ரெக்கவரி செயலிகளை நம்ப வேண்டாம்.

சாட் வந்துவிட்டது. அக்கா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரோல் செய்ய ஆரம்பித்துவிட்டார். நான் போனை வாங்கி, அந்த சாட்டில் Export chat கொடுத்து, மெசேஜ் முழுவதையும் டெக்ஸ்ட் ஃபைலாக அவருடைய மகளுக்கு அனுப்பினேன். பிறகு இதே வேலையை மறுபடி செய்து திங்கட்கிழமை ஃபைலைப் போட்டேன். பழைய நிலையோடு அவரை அனுப்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பேசிய இரண்டு புது ஆர்டர் காணாமல் போயிருக்கும்.

இந்தப் பழைய நிலையில் போன் இருக்கும் நேரத்தில் புது மெசேஜ் வந்தால், அது அந்தப் பழைய டேட்டாபேஸில்தான் விழும். திரும்ப மாற்றும்போது அது போய்விடும். அதனால் மெசேஜ் அதிகம் வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், ஆனால் விடிகாலை 2 மணியைத் தாண்ட விடாதீர்கள். அப்போது புதுப் பிரதி எழுத ஆரம்பித்துவிடும். ஓடிபியும் அடுத்தடுத்துக் கேட்டால் காத்திருக்கச் சொல்லும், அதனால் முதல் தடவையே நிதானமாகச் செய்வது நல்லது. எங்களுக்கு அன்று இரண்டாவது ஓடிபிக்குள் முடிந்தது.

ஐபோன் வைத்திருந்தால் இந்த ஃபோல்டர் வேலையே கிடையாது. ஐக்ளவுடிலும் கடைசிப் பிரதிதான். அழிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் முழு போன் பேக்கப் எடுத்திருந்தால் அதிலிருந்து திரும்பலாம், ஆனால் வாட்ஸ்அப் மட்டுமல்ல, போனே அந்தத் தேதிக்குப் போகும்.

அக்காவின் கணக்கில் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. சனிக்கிழமை விடிகாலை 2 மணிக்கும் சாயங்காலம் 7 மணிக்கும் நடுவே பேசியது எந்தப் பிரதியிலும் கிடையாது. அன்று மத்தியானம் பார்ட்டி இலைக் கணக்கை மாற்றச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, எத்தனை என்பது ஞாபகம் இல்லை. நம் போனில் Clear chat கொடுத்தால் எதிராளி போனில் ஒன்றும் அழியாது. கேட்டால் அனுப்பப் போகிறார்கள். கேட்கத்தான் அவருக்குக் கூச்சம். கடைசியில் என் கடை வாசலில் நின்றே போன் போட்டார்: "சார், சனிக்கிழமை மத்தியானம் அனுப்பின இலைக் கணக்கை இன்னொரு தடவை அனுப்பிடுங்க, கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன்." ஒரு நிமிஷத்தில் ஃபார்வர்டு வந்தது. முந்நூற்று எழுபத்தைந்து.