சாப்பிட்டதும் வரும் விக்கல்

"அரிசிம்பருப்பு சோத்தை வேகமா உண்டாலே அப்பாவுக்கு விக்கல் புடிச்சுக்குதுங்க. உள்ள என்னதாங்க நடக்குது?"

அவசரமா உண்டா சோத்தோட காத்தும் இறங்கி இரைப்பை உப்பிருமுங்க. அதுக்கு நேர் மேல இருக்கிற, மூச்சிழுக்க உதவுற தசையான உதரவிதானமும் அதன் நரம்புகளும் சீண்டப்படும். உடனே அந்தத் தசை வெடுக்குன்னு சுருங்கிக் கீழே இறங்கும். காத்து உள்ளே பாயும். ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ள குரல்நாண்கள் மூடிக்கும். காத்து அங்கே தடைபடறதுதான் அந்த 'விக்' சத்தம்.

மூச்சை நல்லா இழுத்து 10 நொடி அடக்கச் சொல்லுங்க. ரத்தத்தில் கரியமில வாயு கூடினா அந்தத் தசையோட துடிப்பு பெரும்பாலும் தணியும். சோடா வேண்டாமுங்க, இரைப்பை இன்னும் உப்பும். 48 மணி நேரம் தாண்டினா டாக்டரைப் பாருங்க.